சாயந்திரம் ஐந்தரைக்கு வந்துவிடுவேன்

மருந்துக் கடையில் பகுதிநேர வேலை கேட்டு ஒரு கல்லூரி மாணவர் கடிதம் எழுதுகிறார். பெரும்பாலும் அதில் இந்த மூன்று வரிகள் இருக்கும்: “நான் பொறுப்பும் நம்பகத்தன்மையும் உடையவன். எந்த நேரத்திலும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். எதையும் விரைவாகக் கற்றுக்கொள்வேன்.” எழுதியவர் மூன்றையும் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் கவுன்டருக்குப் பின்னால் நின்று அதைப் படிக்கும் கடைக்காரருக்கு இவற்றில் ஒன்றும் பிடிகிடைப்பதில்லை. பொறுப்பில்லாதவன் என்று எழுதி வேலை கேட்டவர் யாரும் இல்லை. எந்த நேரமும் வருவேன் என்பவர் கல்லூரிக்கு எப்போது போவார் என்ற சந்தேகம் வருகிறது. மூன்றாவது வரி மருந்துக் கடையில் கொஞ்சம் பயத்தையே தருகிறது. அவசரமாகக் கற்றுக்கொண்ட கை தவறான அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

இந்த மூன்று தகுதிகளும் ஒரு மாணவரிடம் உண்மையாகவே இருக்கின்றன என்றால், அவற்றைப் பெயர் சொல்லாமல் காட்ட முடியும். எப்படி என்று பார்க்க ஒரு மாணவரைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவருடைய கல்லூரி, சென்னையின் பல கல்லூரிகளைப் போல இரண்டு ஷிஃப்டாக நடக்கிறது. இவர் முதல் ஷிஃப்ட். வகுப்பு காலை 8.30-க்குத் தொடங்கி மதியம் 1 மணிக்கு முடிந்துவிடும். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மருந்துக் கடை. மாலை நேரத்துக்கு அங்கே ஓர் ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருக்கிறார்.

கடைக்காரரின் நிலைமையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குடியிருப்புப் பகுதியில் உள்ள மருந்துக் கடையில் பகல் முழுவதும் வியாபாரம் ஒரே சீராக இருக்காது. சுற்றுவட்டாரத்து டாக்டர்கள் மாலையில் கிளினிக் திறக்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் சீட்டோடு ஆட்கள் வர ஆரம்பித்தால் ஒன்பது, ஒன்பதரை வரை கூட்டம் குறையாது. சட்டப்படி அங்கே பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் இருக்க வேண்டும். டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம் அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, பி.காம். மாணவர் அங்கே செய்யக்கூடியது பில் போடுவது, ஸ்டாக்கிஸ்டிடமிருந்து வந்த சரக்கை இன்வாய்ஸோடு ஒப்பிடுவது, ரேக்கில் அடுக்குவது, எக்ஸ்பைரி நெருங்கிய மருந்துகளைத் தனியே பிரிப்பது போன்ற வேலைகள். இவை சின்ன வேலைகள் அல்ல. இவற்றை ஒருவர் ஏற்றுக்கொண்டால்தான் கூட்ட நேரத்தில் பார்மசிஸ்ட் நிதானமாகச் சீட்டைப் படிக்க முடியும். கடைக்காரர் தேடுவது அந்த நாலு மணி நேரத்துக்கு நிச்சயமாக வந்து நிற்கும் ஒருவரை.

இப்படிப் பார்க்கும்போது, கடிதத்தில் அதிக இடம் கொடுக்க வேண்டியது நேரத்துக்குத்தான். “எந்த நேரத்திலும்” என்ற சொல்லை முதலில் அடித்துவிட வேண்டும். மாணவரின் நேரம் வளைந்து கொடுக்கும் என்பது பாதிதான் உண்மை. அவருடைய நேரத்தில் ஒரு பகுதி பூட்டியது, ஒரு பகுதி உறுதியாகத் தரக்கூடியது, ஒரு பகுதி கேட்டால் மாற்றிக்கொள்ளக்கூடியது. எது எது எந்தப் பகுதி என்று பிரித்து எழுதினாலே நெகிழ்வு என்ன என்பது கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

பூட்டிய பகுதியில் கல்லூரி வருகைப் பதிவு முதலில் நிற்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பொதுவாக 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால், விட்டுப்போக இடமுள்ளது 22 நாள். காய்ச்சல், வீட்டு விசேஷம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். இரவு கடை மூடிவிட்டுப் போய்ப் படுத்து, காலை 8.30 வகுப்பைத் தவறவிடுவது இந்த வேலையில் மெல்ல மெல்ல வரும் ஆபத்து. அதனால் வாரத்தில் ஆறு நாளும் இரவு வரை வருகிறேன் என்று எழுதுவது ஆசையில் செய்யும் தவறு. நாலு மாலையும் ஒரு ஞாயிறு காலையும் போதும். மாலை 5.30 முதல் 9.30 வரை நாலு நாள், ஞாயிறு 9 முதல் 1 வரை என்றால் வாரத்துக்கு 20 மணி நேரம். மதியம் வீடு திரும்பிச் சாப்பிட்டு, இரண்டரையிலிருந்து ஐந்து வரை படிக்கவும் நேரம் கிடைக்கிறது.

இன்னொரு சிக்கல் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதது. பல கல்லூரிகளில் பாடவேளை கிழமைப்படி நடப்பதில்லை, ‘டே ஆர்டர்’ படி நடக்கிறது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு நாள் வரை ஒரு சுற்று. அது முடிந்ததும் மறுபடி முதல் நாள். செவ்வாய்க்கிழமை இரண்டாம் டே ஆர்டராக இருந்து, அன்று திடீரென்று மழை விடுமுறை விட்டால், புதன்கிழமை இரண்டாம் டே ஆர்டர் ஆகிவிடும். எனவே “செவ்வாய் மதியம் எனக்கு வகுப்பில்லை” என்று ஜூலையில் சொன்ன மாணவர் ஆகஸ்டில் அதைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். கடைக்காரர் பார்வையில் அது வாக்கு மாறுவது. நம் மாணவருக்கு வகுப்பு தினமும் ஒரு மணிக்கே முடிவதால் இந்தச் சிக்கல் இல்லை. மாலைவரை கல்லூரி நடக்கும் மாணவர், டே ஆர்டரால் நகராத நேரத்தை மட்டுமே கடிதத்தில் தர வேண்டும். ஆறு டே ஆர்டரிலும் எந்த மணிக்கு மேல் ஒரு வகுப்பும் இல்லையோ, அந்த மணியிலிருந்துதான் அவர் நேரம் தொடங்குகிறது.

பிறகு தேர்வு. பெரும்பாலும் நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு வரும், இடையில் இன்டெர்னல் டெஸ்டுகள் உண்டு. மாணவர்கள் பலர் இதை மறைத்துவிட்டு வேலையில் சேர்கிறார்கள், சொன்னால் வேலை கிடைக்காது என்ற பயத்தில். கல்லூரிப் பிள்ளைக்குப் பரீட்சை வரும் என்பது கடைக்காரருக்குத் தெரியாதா என்ன? அவருக்குத் தெரியாதது எப்போது, எத்தனை நாள் என்பதுதான். முன்கூட்டியே தெரிந்தால் அந்த இரண்டு வாரத்துக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்வார். முதல் நாள் இரவு போனில் “அண்ணா, நாளைக்கு எக்ஸாம்” என்று சொல்வதைத்தான் அவரால் தாங்க முடியாது.

தேர்வு நேரத்தில் குறைப்பதை விடுமுறையில் ஈடுகட்டலாம், அதையும் எழுத வேண்டும். இங்கேதான் மாணவரின் நெகிழ்வு உண்மையிலேயே விலைபோகிறது. கடையில் நிரந்தரமாக வேலை பார்ப்பவர்களில் பலர் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாலைந்து நாள் திரும்ப மாட்டார்கள். மருந்துக் கடையைப் பொங்கலுக்காக நாலு நாள் பூட்டிவைக்க முடியாது. “பொங்கலுக்கு வெளியூர் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, அந்த நாட்களில் பகலிலும் வர முடியும்” என்று ஒரு மாணவர் எழுதினால், கடைக்காரர் அந்த வரியை இரண்டு தடவை படிப்பார். உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது நம்பகம். இதற்கு ஆதாரம், மாணவர் முன்பு ஏதோ ஒரு வேலைக்குத் தொடர்ந்து வந்து நின்றார் என்பதும் அதைச் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார் என்பதும். பெரிய அனுபவம் வேண்டியதில்லை. நம் மாணவர் போன கல்வியாண்டில் காலையில் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டிருக்கிறார். பலர் இதைக் கடிதத்தில் சேர்க்கவே கூச்சப்படுவார்கள். எனக்குத் தெரிந்து நேரம் தவறாமைக்கு இதைவிட நல்ல சான்று ஒரு மாணவரிடம் இருக்க முடியாது. ஒருநாள் பேப்பர் போடாவிட்டால் ஏழு மணிக்குள் ஏஜென்டுக்குப் போன் போய்விடும். பத்து மாதம் அந்த வேலையில் இருந்தவர் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏஜென்டிடம் அனுமதி கேட்டு அவருடைய எண்ணைக் கடிதத்தில் தந்துவிட்டால் போதும். அனுமதி கேட்பது முக்கியம். முன்னறிவிப்பில்லாமல் போன் வந்து, “யாரு, எந்தப் பையன்?” என்று அவர் கேட்டுவிட்டால் கடிதம் முழுவதும் பொய் என்று தோன்றிவிடும். இப்படி எந்த வேலையும் செய்யாதவர் சென்ற செமஸ்டரின் வருகை விழுக்காட்டைக் குறிப்பிடலாம்; அது கல்லூரியே எண்ணிக் கொடுத்த கணக்கு.

நம்பகத்தில் மாணவர்கள் மறந்துபோகும் இன்னொரு பக்கம், எவ்வளவு காலம் இருப்பார்கள் என்பது. எந்த மருந்து எந்த ரேக்கில் என்று பழகவே புது ஆளுக்குச் சில வாரம் ஆகும். பழகி முடித்த மாதத்திலேயே நின்றுவிட்டால் கடைக்காரருக்கு நஷ்டம். “அடுத்த ஆண்டு மே வரை தொடர்ந்து வர முடியும்” என்ற ஒரு வரி, ‘பொறுப்புள்ளவன்’ என்பதைவிட எவ்வளவோ அதிகம் சொல்கிறது.

விரைவாகக் கற்பது பற்றி எழுதும்போது கடையின் இயல்பை நினைவில் வைக்க வேண்டும். துணிக் கடையில் தவறான நிறத்தைக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 500 மி.கி. என்றும் வருகிறது, 1000 மி.கி. என்றும் வருகிறது. அட்டைகள் ஒன்றுபோலவே தெரியலாம். மாற்றிக் கொடுத்தால் வாங்கிய பெரியவர் இரண்டு மடங்கு மருந்தை விழுங்கிவிடுவார். சில ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் ‘ஹெச்1’ என்ற அட்டவணையில் வருகின்றன; அவற்றை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் சீக்கிரம் கற்பவர் என்றால், தெரியாததைத் தெரியாது என்று உடனே சொல்லி, ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்காதவர். கடிதம் காட்ட வேண்டியது அதைத்தான்.

நம் மாணவரிடம் அதற்கும் பேப்பர் போட்ட அனுபவமே கைகொடுக்கிறது. எண்பது வீடு, நாலைந்து வகைப் பத்திரிகை, சில வீட்டுக்கு இரண்டு, சில வீட்டுக்கு ஞாயிறு மட்டும். முதல் வாரம் சீட்டைப் பார்த்துப் போட்டவர் இரண்டாம் வாரத்திலிருந்து பார்க்காமல் போட்டார் என்றால், எது எங்கே என்று நினைவில் வைக்கும் திறமை தெரிந்துவிடுகிறது. ரேக் வேலைக்கு வேண்டியது அதே திறமை. கூடவே, கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு சிறு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போகலாம். அட்டையில் எக்ஸ்பைரி மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை அந்த மருந்து செல்லும். எக்ஸ்பைரி பிரிக்கும் வேலையில் முதல் நாளே வரும் சந்தேகம் இது. நேரில் பேசும்போது கேள்வி வந்தால் சொல்லலாம். கடிதத்தில் இதை எழுதிக் காட்டினால் அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கும்.

இவ்வளவையும் வைத்து எழுதினால் கடிதம் ஏறக்குறைய இப்படி அமையும்:

“ஐயா,

வணக்கம். நான் பி.காம். இரண்டாம் ஆண்டு, முதல் ஷிஃப்டில் படிக்கிறேன். தினமும் மதியம் 1 மணிக்கு வகுப்பு முடிந்துவிடும். என் வீடு உங்கள் கடையிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிறது. மாலை நேரத்துக்கு ஆள் தேவை என்று அறிந்தேன். பில் போடவும், சரக்கைச் சரிபார்த்து அடுக்கவும், எக்ஸ்பைரி தேதி பார்த்துப் பிரிக்கவும் உதவியாக இருக்க விரும்புகிறேன்.

திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் மாலை 5.30 முதல் 9.30 வரையும், ஞாயிறு காலை 9 முதல் 1 வரையும் தவறாமல் வர முடியும். முதல் நாள் சொன்னால் சனிக்கிழமை மாலையும் வருவேன். வியாழன் மாலை டேலி வகுப்பு இருப்பதால் வர இயலாது. நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு இருக்கும். அட்டவணை வந்த அன்றே உங்களுக்கு ஒரு நகல் தருகிறேன். தேர்வு நடக்கும் நாட்களில் ஞாயிறு மட்டும் வர முடியும். தேர்வுக்குப் பிந்தைய விடுமுறையிலும் பொங்கல் நாட்களிலும் பகலிலும் வர முடியும். பொங்கலுக்கு நாங்கள் வெளியூர் போவதில்லை. அடுத்த ஆண்டு மே வரை தொடர்ந்து வேலை செய்ய நினைத்திருக்கிறேன்.

சென்ற ஜூன் முதல் இந்த மார்ச் வரை எண்பது வீடுகளுக்குச் செய்தித்தாள் போட்டேன். எந்த வீட்டுக்கு எது என்பதை முதல் வாரம் சீட்டைப் பார்த்துப் போட்டேன், அதன் பிறகு சீட்டு தேவைப்படவில்லை. ஏஜென்ட் உங்களிடம் பேசச் சம்மதித்திருக்கிறார். அவர் எண்ணைக் கீழே தந்திருக்கிறேன். சென்ற செமஸ்டரில் என் கல்லூரி வருகை 94 விழுக்காடு.

மருந்துகளைப் பற்றி எனக்கு இப்போது எதுவும் தெரியாது. பார்மசிஸ்ட் பார்த்துச் சொல்லாமல் எந்த மருந்தையும் யாருக்கும் எடுத்துத் தர மாட்டேன். உங்களுக்கு வசதியான நேரத்தில் நேரில் வந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,”

இதில் நம்பகம், நெகிழ்வு, வேகம் என்ற மூன்று சொற்களில் ஒன்றுகூட இல்லை. மூன்றும் உள்ளே இருக்கின்றன. வியாழன் வர முடியாது என்று சொல்லியிருப்பது கடிதத்தைப் பலவீனப்படுத்தவில்லை; அதைப் படித்த பிறகுதான் மற்ற நாட்களை நம்பத் தோன்றுகிறது. மருந்து தெரியாது என்ற கடைசிப் பத்தியைச் சிலர் எடுத்துவிடச் சொல்லலாம். நான் எடுக்க மாட்டேன். கடையின் லைசென்ஸைப் பற்றிக் கவலைப்படும் ஒருவர் முதலில் தேடுவது அந்தப் பத்தியை. சம்பளத்தைப் பற்றி ஒன்றும் எழுதாததற்குக் காரணம் உண்டு. சின்னக் கடைகளில் அது நேரில் பேசி முடிக்கும் விஷயம். பேசும்போது மாதச் சம்பளமா, மணிக் கணக்கா, விடுமுறையில் பகலில் வந்தால் அதற்கு எப்படி என்பதைக் கேட்டுவிட வேண்டும். கேட்கத் தயங்கினால் ஜனவரி மாதம் இரு பக்கமும் மனக்கசப்பு வரும். உட்கார நாற்காலி உண்டா என்று கேட்பதும் தவறில்லை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தப்பட்டது.

கடிதத்தைக் கொண்டுபோகும் நேரமும் கடிதத்தின் ஒரு பகுதிதான். மாலை ஏழு மணிக்குக் கூட்டத்துக்கு நடுவே நீட்டினால், அது பில் புத்தகத்துக்கு அடியில் போய்விடும். மதியம் மூன்று மணி வாக்கில் கடை ஓய்ந்திருக்கும். உரிமையாளர் எப்போது வருவார் என்று ஒருநாள் முன்னதாக விசாரித்துவிட்டு, அந்த நேரத்தில் ஒரே பக்கமாக எழுதிய தாளை அவர் கையில் கொடுக்கலாம். “தம்பி, பரீட்சை வந்தா என்ன பண்ணுவே?” என்று அவர் கேட்டால், பதில் அவர் கையிலேயே இருக்கிறது.

வேலை கிடைத்த பிறகும் அந்தத் தாளுக்கு வேலை இருக்கிறது. நல்லவிதமாக வேலை செய்யும் பையனிடம் கடைக்காரர் வியாழனும் வரச் சொல்லிக் கேட்பார், பிறகு சனியும் நிரந்தரமாகும், 9.30 என்பது கடை மூடும் பத்தரை ஆகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, கூட்டம் அப்படி. காலை முதல் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு முறை தாமதமானால் அதுதான் முதல் எச்சரிக்கை. அந்த வாரமே, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, “அண்ணா, லெட்டர்ல எழுதின நேரத்துக்கே வச்சுக்கலாமா? காலேஜுக்கு லேட்டாகுது” என்று கேட்டுவிடுவது நல்லது. வருகை 75-க்குக் கீழே போன பிறகு கேட்டால் வேலையையே விட வேண்டியிருக்கும். செமஸ்டர் மாறும்போது கல்லூரி நேரமும் மாறலாம். புதிய கால அட்டவணை கைக்கு வந்ததும் வர முடிந்த நாட்களையும் மணிகளையும் ஒரு துண்டுத் தாளில் புதிதாக எழுதி, தேதி போட்டு, பழையதற்குப் பதிலாகக் கடையில் கொடுத்துவிட வேண்டும்.